பதிவாகாத அக்ரிமெண்டும் நிலுவை வழக்கும்: 53ஏ, 52 வினாக்களில் எங்கே சறுக்குகிறது?

வாசகி கடிதம்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

சட்டம் முடித்துவிட்டு சிவில் நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சொத்து மாற்றுச் சட்டத்தில் மற்றதெல்லாம் பிடிபட்டுவிட்டது. பகுதி நிறைவேற்றம் பற்றிய 53ஏ, நிலுவை வழக்கு பற்றிய 52, இந்த இரண்டிலும் வரும் கொள்குறி வினாக்கள் மட்டும் தவறிக்கொண்டே இருக்கின்றன.

ஒன்று: 2010-ல் ஏ தன் வீட்டை பி-க்கு விற்பதாக எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பாதிப் பணம் வாங்கி, சுவாதீனமும் கொடுத்தார். ஒப்பந்தம் பதிவாகவில்லை. பிறகு பி-யை வெளியேற்ற ஏ வழக்குப் போட்டார். 53ஏ பி-யைக் காப்பாற்றுமா? 'காப்பாற்றும்' என்று போட்டேன். விடைத்தாளில் 'காப்பாற்றாது' என்று இருக்கிறது. என்னிடம் உள்ள பழைய கைடு 'பதிவு தேவையில்லை' என்கிறது.

இரண்டு: வழக்கு நிலுவையில் இருக்கும்போது பிரதிவாதி சொத்தை விற்றால்? 'வாங்கியவருக்கு வழக்கு தெரிந்திருந்தால் மட்டும் அவரைக் கட்டுப்படுத்தும்' என்று போட்டேன். விடை, 'கிரயம் செல்லும், ஆனால் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது'.

இன்னொன்று. என் சித்தப்பா 2019-ல் 8 சென்ட் இடத்தை 6 லட்சத்துக்குப் பேசி, 4.5 லட்சம் கொடுத்து, பத்திரத் தாளில் அக்ரிமெண்ட் எழுதிக்கொண்டார். பதிவு செய்யவில்லை. கிரயத்துக்குத் தேதியும் போடவில்லை. அன்றே இடத்தை ஒப்படைத்தார்கள். சித்தப்பா கம்பி வேலி போட்டு, போர் போட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் உரிமையாளரிடமிருந்து, 'விற்க முடியாது, காலி செய்' என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. '53ஏ இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது' என்று நான் தைரியம் சொல்லிவிட்டேன். சரிதானா?

வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்

இரண்டு வினாவுக்கும் விடைத்தாளில் இருப்பதுதான் சரி. சித்தப்பாவிடம் சொன்னதை மட்டும் இந்த வாரமே திருத்திச் சொல்லிவிடுங்கள். அவருக்கு நல்ல வழி இருக்கிறது, ஆனால் அது 53ஏ வழி அல்ல. முதலில் வினாக்களைப் பார்ப்போம். அவை தெளிவானால் சித்தப்பாவின் விஷயமும் பாதி தெளிந்துவிடும்.

ஒப்பந்தத்தின் தேதி

53ஏ சட்டத்தின் மூல வடிவில் இல்லை. 1929 திருத்தத்தில் சேர்ந்து, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. விற்பதாக எழுதிக் கொடுத்து, பணம் வாங்கி, இடத்தையும் ஒப்படைத்த ஒருவர், 'கிரயப் பத்திரம்தான் பதிவாகவில்லையே, வெளியே போ' என்று பின்னால் சொல்லக்கூடாது என்பதற்காக வந்த பிரிவு அது. அன்றைய வாசகத்தில், ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டியதாக இருந்து பதிவாகாமல் போயிருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்ற சொற்கள் வெளிப்படையாகவே இருந்தன. உங்கள் பழைய கைடு அந்த வாசகத்தை வைத்துத்தான் பேசுகிறது.

2001-ஆம் ஆண்டின் 48-ஆவது சட்டம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டது. கூடவே பதிவுச் சட்டத்தில் 17(1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 53ஏ-யின் பயனைக் கேட்க வேண்டுமானால் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கு அது பயன்படாது என்று அது சொல்கிறது. இது அமலுக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 24. இந்த ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், 53ஏ வினாக்களில் பெரும் பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் தேர்வாளர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எந்தத் தேதியைப் பார்ப்பது? வழக்குப் போட்ட தேதியை அல்ல, சுவாதீனம் மாறிய தேதியையும் அல்ல. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தான தேதியைத்தான் பார்க்க வேண்டும். 17(1ஏ) அந்த நாளிலோ அதற்குப் பிறகோ எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. ஆகவே உங்கள் முதல் வினாவில் 2010 என்ற ஆண்டை 1998 என்று மாற்றிவிட்டு, வழக்கு 2015-ல் வந்தது என்று வைத்துக்கொண்டால், மற்ற நிபந்தனைகள் சரியாக இருக்கும்பட்சத்தில் பி-க்குப் பாதுகாப்பு உண்டு. வினாவில் ஆண்டே கொடுக்கவில்லை என்றால் இன்றைய சட்டத்தை வைத்து விடை எழுதுங்கள்.

வாசகத்தில் எடுக்காமல் விட்ட பகுதி ஒன்றும் இருக்கிறது. மாற்று ஆவணம் ஒன்று இருந்து, அந்த மாற்றம் சட்டம் சொன்ன முறையில் பூர்த்தியாகவில்லை என்றாலும் பாதுகாப்பு உண்டு என்பது இப்போதும் அப்படியே இருக்கிறது. அதாவது கிரயம் பூர்த்தியாகாமல் போனதை 53ஏ இன்றும் பொறுத்துக்கொள்ளும். ஒப்பந்தம் பதிவாகாததை மட்டும் பொறுக்காது. 'பதிவான கிரயப் பத்திரம் இருந்தால்தான் 53ஏ' என்று ஒரு விடை கொடுத்திருந்தால், அது தவறு. பதிவான கிரயமே இருந்தால் அவர்தான் உரிமையாளர், அவருக்கு 53ஏ எதற்கு?

யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார்

தேதி பார்த்தாயிற்று. அடுத்து, வினாவில் 53ஏ-யைக் கேட்பவர் வாதியா, பிரதிவாதியா என்று பாருங்கள். நம் சட்டத்தில் இது ஒரு கேடயம் மட்டுமே. உரிமையாளர் வந்து வெளியேறச் சொன்னால் மறித்துக்கொள்ளலாம். அதைக் காட்டி 'நான்தான் உரிமையாளர்' என்று விளம்புகை கேட்க முடியாது, இன்னும் கைக்கு வராத இடத்தைக் கொடு என்று கேட்கவும் முடியாது. டெல்லி மோட்டார் கம்பெனி வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சந்தேகமில்லாமல் சொன்னது. அங்கே குத்தகைக்காகப் பேசி வந்தவர்கள் 53ஏ-யை வைத்து உரிமை கேட்டார்கள். அந்தப் பிரிவு தற்காப்புக்கு மட்டும்தான் என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே '53ஏ வாங்குபவருக்கு உரிமையை அளிக்கிறது' என்று எந்த வடிவத்தில் விடை வந்தாலும் அடித்துவிடுங்கள். உரிமை கடைசி வரை விற்பவரிடம்தான் இருக்கிறது. அவர் அதை வாங்குபவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாமல் சட்டம் தடுக்கிறது, அவ்வளவுதான்.

மீதி நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், விற்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும், பிரதிபலன் இருக்க வேண்டும். அதனால் வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் தானத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாங்குபவர் ஒப்பந்தத்தின் பேரில் சுவாதீனம் பெற்றிருக்க வேண்டும். முன்பே வாடகைதாரராகவோ அடமானதாரராகவோ உள்ளே இருந்தவர் என்றால், தொடர்ந்து இருந்தது மட்டும் போதாது. அந்த ஒப்பந்தத்தை முன்னெடுக்கும் ஒரு செயலையும் அவர் செய்திருக்க வேண்டும்.

தன் பங்கை நிறைவேற்றிவிட்டார் அல்லது நிறைவேற்றத் தயாராக இருக்கிறார் என்பது கடைசி நிபந்தனை. இங்கே ஒரு வினா அடிக்கடி வரும். கிரயம் செய்து தரக் கேட்டு வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டது. வாங்குபவர் இன்னும் உள்ளே இருக்கிறார். 53ஏ போய்விட்டதா? போகவில்லை. ஷாம்ராவ் சூர்யவன்ஷி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. வழக்குப் போடும் உரிமைக்குத்தான் காலாவதி, தற்காப்புக்கு இல்லை. ஆனால் 'மீதிப் பணம் தரத் தயார்' என்பதை அப்போதும் அவர் காட்டியாக வேண்டும்.

நிலுவை வழக்கு: நாட்காட்டியை வைத்துப் பார்க்க வேண்டிய பிரிவு

52-ஐ நான் நேரடியாக ஓர் உதாரணத்தில் வைத்துச் சொல்கிறேன். படிக்கும்போது தேதிகளை ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏ தன் நிலத்தை பி-க்கு விற்க 2022 ஜனவரியில் பதிவான ஒப்பந்தம் செய்கிறார். சுவாதீனம் தரவில்லை. பிறகு பின்வாங்குகிறார். கிரயம் செய்து தரக் கேட்டு பி 2023 மார்ச் 10-ல் பிராது தாக்கல் செய்கிறார். மார்ச் 20-ல் ஏ அதே நிலத்தை சி-க்கு விற்றுப் பதிவும் செய்துவிடுகிறார். ஏப்ரல் 2-ல்தான் ஏ-க்கு சம்மன் சார்வாகிறது. சி-க்கு வழக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது, முழுப் பணமும் கொடுத்தவர். 2024 ஜூலை 15-ல் பி-யின் வழக்கு தள்ளுபடி ஆகிறது. ஆகஸ்ட் 1-ல் சி நிலத்தை டி-க்கு விற்கிறார். ஆகஸ்ட் 12-ல் பி மேல்முறையீடு செய்து, கடைசியில் வெல்கிறார். நிலம் யாருக்கு?

பி-க்குத்தான். சி-யும் டி-யும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். இதில் தேர்வாளர் தடுமாறும் இடங்கள் மூன்று.

முதல் தடுமாற்றம் சம்மன். மார்ச் 20-ல் ஏ-க்கே வழக்கு தெரியாதே, பிறகு எப்படி நிலுவை என்று தோன்றும். 52-ஆம் பிரிவின் விளக்கம், தகுதியுள்ள நீதிமன்றத்தில் பிராது தாக்கலான நாளிலிருந்தே நிலுவை தொடங்குகிறது என்கிறது. சம்மன் எப்போது போய்ச் சேர்ந்தது, வழக்குக்கு எண் எப்போது கிடைத்தது என்பதெல்லாம் கணக்கில் வராது.

இரண்டாவது, தள்ளுபடிக்கும் மேல்முறையீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. டி வாங்கிய அன்று எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை. ஆனாலும் அவர் தப்ப முடியாது. மேல்முறையீடு என்பது மூல வழக்கின் தொடர்ச்சி. அதே விளக்கம், இறுதித் தீர்ப்பு வந்து அது முழுவதும் நிறைவேறும் வரையிலோ, காலாவதியால் நிறைவேற்றவே முடியாமல் போகும் வரையிலோ நிலுவையை நீட்டுகிறது. தீர்ப்பான அன்றோடு நிலுவை முடிந்தது என்று வரும் விடை ஒரு பொறி. டிக்ரி வாங்கியபின் அதை நிறைவேற்றும் மனு நடக்கும் காலமும் நிலுவைக்குள்தான் அடங்கும்.

மூன்றாவது தடுமாற்றம்தான் நீங்கள் சறுக்கியது. சி நல்லெண்ணத்தோடு, வழக்கு தெரியாமல் வாங்கியவர். அது அவருக்கு உதவாதா? உதவாது. 52 அறிவிப்பின் மேல் நிற்கும் பிரிவு அல்ல. 1857-ல் இங்கிலாந்தில் பெல்லமி எதிர் சபைன் வழக்கிலேயே காரணம் சொல்லிவிட்டார்கள். வழக்கு நடக்கும்போதே பிரதிவாதி சொத்தைக் கைமாற்றிக்கொண்டே போகலாம் என்று விட்டால், வாதி ஒவ்வொரு புது ஆளின் மேலும் புது வழக்குப் போட வேண்டியிருக்கும், எந்த வழக்கும் முடியாது. நம் உச்ச நீதிமன்றமும் 2008-ல் குருசுவாமி நாடார் வழக்கில் இதே நிலையை எடுத்தது. நம் தமிழ்நாட்டு வழக்கு அது. ஒருவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அவர் வழக்குப் போட்ட பிறகு நிலம் இன்னொருவருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர், தான் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவன் என்றும், குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 19(பி) தன்னைக் காக்கும் என்றும் வாதாடினார். வழக்குக்குப் பின் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, 52-தான் மேலோங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

'அப்படியானால் கிரயம் செல்லாது என்று போடலாமே?' என்று கேட்பீர்கள். கூடாது. 52 சொல்வது, வழக்கின் ஒரு தரப்பு சொத்தை மாற்றி எதிர்த்தரப்பின் உரிமையைப் பாதிக்க முடியாது என்பதுதான். ஏ-க்கும் சி-க்கும் இடையே அந்தக் கிரயம் நன்றாகவே செல்லும். பி-யின் வழக்கு கடைசிவரை தோற்றிருந்தால் சி-யின் உரிமை முழுசாக நின்றிருக்கும். செல்லாத பத்திரம் என்றால் வழக்கு தோற்றபின் அது எப்படி உயிர்பெறும்? விடைகளில் 'செல்லாது', 'செல்லாததாக்கத் தக்கது', 'தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது' மூன்றும் இருந்தால் தயங்காமல் மூன்றாவதை எடுங்கள். 'நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றினால் 52 தடுக்காது' என்று வந்தால் அதுவும் சரி, பிரிவிலேயே உள்ள விதிவிலக்கு அது.

52 வராத இடங்களையும் பார்த்துவிடுங்கள். கூட்டுச் சதியில் போட்ட வழக்குக்கு அது கிடையாது. அசையும் சொத்துக்குக் கிடையாது. வெறும் கடன் பண வழக்கில் கடனாளி தன் வீட்டை விற்றால் 52 அவரைத் தடுக்காது, ஏனென்றால் அங்கே வீட்டின் மேலான உரிமை நேரடியாகக் கேள்வியில் இல்லை. ஆனால் மனைவி ஜீவனாம்சம் கேட்டு, அந்தத் தொகைக்குக் குறிப்பிட்ட வீட்டைப் பொறுப்பாக்கவும் கேட்டிருந்தால், 52 வந்துவிடும். வினாவில் 'ஜீவனாம்ச வழக்கு' என்று பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சொத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறாரா என்று ஒரு வரி தள்ளிப் பாருங்கள்.

இரண்டு பிரிவும் சந்திக்கும் இடம்

கடினமான வினாக்கள் இங்கேதான் எடுக்கப்படுகின்றன. மேலே சொன்ன கதையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சி வாங்கியது மார்ச் 20-ல் அல்ல, மார்ச் 8-ல். அதாவது பிராது தாக்கலுக்கு இரண்டு நாள் முன்பு. இப்போது 52-க்கு வேலையே இல்லை. 52-ல் பொருட்படுத்தாமல் விட்ட அறிவிப்பு, இப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. சி-க்கு ஒப்பந்தம் தெரியுமா? 19(பி) கேட்பதும் அதைத்தான். 53ஏ-யின் காப்புரையும், ஒப்பந்தமோ பகுதி நிறைவேற்றமோ தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமையைத் தொடுவதில்லை.

ஆனால் 'தெரியாது' என்று சி சொன்னால் போதாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அறிவிப்பு பற்றிய விளக்கங்களைப் படியுங்கள், பலர் அதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. ஒருவர் நிலத்தில் நேரடி சுவாதீனத்தில் இருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கருதும். கட்டாயமாகப் பதிய வேண்டிய ஆவணம் முறைப்படி பதிவாகியிருந்தாலும் அப்படித்தான். ஆகவே வினாவில் 'பி வேலி போட்டுக் குடியிருந்தார், சி விசாரிக்காமல் வாங்கினார்' என்று வந்தால், சி நல்லெண்ணக் கொள்முதல்காரர் அல்ல.

சுருக்கமாக, கொள்முதல் தேதியைப் பிராது தேதியோடு வைத்துப் பாருங்கள். பின்னால் என்றால் அறிவிப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முன்னால் என்றால் அறிவிப்பை மட்டும் யோசியுங்கள்.

இனி உங்கள் சித்தப்பா

அவருடைய அக்ரிமெண்ட் 2019-ல் எழுதியது, பதிவாகாதது. 53ஏ கிடையாது. இப்போது கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. எழுதிய நாளிலிருந்து 4 மாதம், தாமதத்துக்கு அபராதம் கட்டினால் இன்னும் 4 மாதம், அதற்கு மேல் பதிவுச் சட்டம் அனுமதிக்காது. '12 வருஷம் ஆனால் நமக்கே சொந்தம்' என்று ஊரில் யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். உரிமையாளரே ஒப்பந்தத்தின் பேரில் உள்ளே விட்டவர், அவருக்கு எதிரான அனுபவம் என்று வாதாடுவது ஒன்றுக்கொன்று முரண்.

ஆனால் அந்தத் தாள் வீண் அல்ல. கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில், அதாவது ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், பதிவாகாத ஒப்பந்தத்தை ஒப்பந்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் காப்புரை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தங்களைப் பதிவது கட்டாயம் ஆனதால், இங்கே இந்தக் காப்புரை செல்லுமா என்ற சந்தேகம் இருந்தது. 2023-ல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தேர்வுக்கும் இது உதவும்: அதே தாள், 53ஏ தற்காப்புக்கு ஆகாது, ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்குக்கு ஆகும்.

காலக்கெடு 3 ஆண்டு. கிரயத்துக்குத் தேதி குறிப்பிடாததால், உரிமையாளர் மறுத்தது சித்தப்பாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து அது ஓடும். அந்த வக்கீல் நோட்டீஸ் வந்த நாள்தான் அது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்பே அவர் எப்போதாவது கடிதத்திலோ, வாட்ஸ்அப்பிலோ, நாலு பேர் முன்னிலையிலோ மறுத்திருக்கிறாரா என்று சித்தப்பாவிடம் துருவிக் கேளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

3 ஆண்டு இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்று உரிமையாளர் இடத்தை வேறு ஒருவருக்கு விற்றால், அது வழக்குக்கு முன் நடந்த விற்பனை. அப்போது வேலியையும் போரையும் காட்டி, 'என் சுவாதீனமே அறிவிப்பு' என்று நிரூபிக்கும் வேலை வந்து சேரும். பிராது தாக்கலான பிறகு விற்றால் அந்தச் சண்டையே இல்லை, வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 52 சார்பதிவாளரின் கையைக் கட்டாது, பத்திரம் பதிவாகத்தான் செய்யும். அதனால் பிராதோடு சேர்த்து, விற்கக்கூடாது, சுவாதீனத்தில் தலையிடக்கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்க வேண்டும்.

வழக்கில் அவர் நிரூபிக்க வேண்டியது, மீதி 1.5 லட்சம் தர எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்பதை. பணத்தை இப்போதே அவர் பேரில் வங்கியில் போட்டு வைக்கட்டும். நோட்டீஸுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை என்றால் உடனே அனுப்ப வேண்டும். அதில் மீதியைத் தரத் தயார், கிரயம் செய்து கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 53ஏ-யை அந்தப் பதிலில் இழுக்க வேண்டாம். கிரயம் கிடைக்காமல் போனால் கொடுத்த 4.5 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும் பிராதிலேயே வைக்கச் சொல்லுங்கள். கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகக் கொடுக்காது. பத்திரத் தாளுக்கு முத்திரைத் தீர்வை போதவில்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவும் இடமுண்டு. குறைந்த தீர்வையையும் அபராதத்தையும் கட்டினால் அது சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

அதுவரை அவர் இடத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. 53ஏ இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் வேலியைப் பிடுங்கலாம் என்று ஆகாது. நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவரை உண்மையான உரிமையாளரே ஆனாலும் சட்டவழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று 2003-ல் ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலவந்தமாக வெளியேற்றினால் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமை யாருடையது என்ற விசாரணை இல்லாமலே சுவாதீனத்தை மீட்கலாம். ஆனால் உரிமையாளர் முறைப்படி வெளியேற்றும் வழக்குப் போட்டு, சித்தப்பா கிரய வழக்கே போடாமல் இருந்தால், அங்கே அவருக்குப் பெரிய தற்காப்பு இருக்காது. உண்மையான ஆபத்து அதுதான்.

சமாதானமாகப் பேசி முடிக்க வழி இருந்தால் அதையும் தள்ள வேண்டாம். 2019-க்குப் பிறகு நில விலை ஏறியிருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து கிரயத்தையே பதிவு செய்துகொள்வது பல வருட வழக்கைவிட மலிவாக இருக்கலாம். அது சித்தப்பா எடுக்க வேண்டிய முடிவு. உடனே கிரயம் முடியாது, அவகாசம் வேண்டும் என்றால், புதிதாக ஓர் ஒப்பந்தம் எழுதி இந்த முறை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சுவாதீனம் சித்தப்பாவிடமே தொடர்கிறது என்பதையும், பழைய 4.5 லட்சம் பெறப்பட்டதையும் அதில் எழுதுங்கள். பழைய அக்ரிமெண்டை ரத்து செய்துவிட்டோம் என்று தனித் தாளில் மட்டும் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது அசல் அக்ரிமெண்ட், பணம் கொடுத்ததற்கான ரசீது அல்லது வங்கிக் கணக்கு, வந்த நோட்டீஸும் அதன் உறையும், போர் போட்ட பில், மின் இணைப்பு இருந்தால் அந்த ரசீது, இடத்தின் வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வில்லங்கச் சான்றை 2019-லிருந்து நேற்று வரை போடுங்கள். இதற்குள் உரிமையாளர் இடத்தை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டாரா என்பது அதில் தெரிந்துவிடும். கொடுத்திருந்தால் அந்த ஆளையும் ஆரம்பத்திலேயே பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும்.